நான்கு மாறி கே-மேப்: சுருக்குவதிலிருந்து சுற்று வரைவது வரை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே உள்ள பதில்கள் எல்லாவற்றிலும் ஒரே சார்புதான் வரும். ஒவ்வொரு கேள்விக்கும் புதிய எடுத்துக்காட்டு கொடுத்தால் ஒன்றும் மனதில் நிற்காது. இந்தச் சார்பை வேண்டுமென்றே கொஞ்சம் வம்பானதாகத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். பெரும்பாலோர் வழுக்கி விழும் இடம் அதில் இருக்கிறது.

ஒரு சார்பைக் கொடுத்து, மேப்பில் நிரப்புவதிலிருந்து செய்து காட்டுங்களேன்.

சரி, இதுதான் நம் சார்பு:

```
F(A,B,C,D) = Σm(0, 2, 3, 5, 7, 8, 10, 13)
```

அடைப்புக்குள் இருக்கும் எண்கள் F = 1 ஆகும் உள்ளீடுகள். A, B, C, D நான்கையும் அதே வரிசையில் எழுதி இருமஎண்ணாகப் படித்தால் அந்த எண் கிடைக்கும். 13 என்றால் 1101, அதாவது A = 1, B = 1, C = 0, D = 1. A-க்குத்தான் மதிப்பு அதிகம் (8), D-க்குக் குறைவு (1). இதைத் தாளின் மேல் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சுற்றைக் கட்டும்போது கைகொடுக்கும்.

பதினாறு கட்டங்களில் எந்த எண் எங்கே போகிறது என்பது இப்படி:

```
AB\CD   00   01   11   10
 00      0    1    3    2
 01      4    5    7    6
 11     12   13   15   14
 10      8    9   11   10
```

நம் எண்கள் இருக்கும் கட்டங்களில் 1 போட்டால்:

```
AB\CD   00   01   11   10
 00      1    0    1    1
 01      0    1    1    0
 11      0    1    0    0
 10      1    0    0    1
```

எட்டு 1. சுருக்காமல் அப்படியே எழுதினால் எட்டு உறுப்புகள், ஒவ்வொன்றிலும் நான்கு எழுத்து, மொத்தம் 32 எழுத்து. கடைசியில் இது 8 எழுத்துக்கு வந்து நிற்கும்.

தலைப்பில் 00, 01, 10, 11 என்று வரிசையாகப் போடாமல் ஏன் 11-ஐ நடுவில் போடுகிறோம்?

பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களுக்கு இடையே ஒரே ஒரு மாறிதான் மாற வேண்டும். முழு விஷயமும் இதில்தான் இருக்கிறது. 01-க்குப் பக்கத்தில் 10 வந்தால் C, D இரண்டும் ஒரே நேரத்தில் மாறிவிடும், அந்த இரண்டு கட்டங்களையும் சேர்த்து எதையும் ரத்து செய்ய முடியாது. 01-க்குப் பக்கத்தில் 11 வந்தால் C மட்டும் மாறுகிறது. கிரே கோட் என்று சொல்வது இந்த வரிசையைத்தான். 1952-இல் வீட்ச் இதுபோன்ற ஒரு கட்டப் படத்தை வெளியிட்டார். அடுத்த ஆண்டு பெல் ஆய்வகத்தில் இருந்த மாரிஸ் கார்னா அதைத் திருத்தி இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார்.

தலைப்பைச் சரியாக எழுதிவிட்டு, உண்மை அட்டவணையிலிருந்து விடைகளை 0, 1, 2, 3 என்று நேராக இறக்கிவிடுவது ரொம்பப் பொதுவான தப்பு. நம் சார்பில் இது இன்னும் மோசம். F(2), F(3) இரண்டுமே 1 என்பதால், முதல் வரிசையைத் தப்பாக நிரப்பினாலும் சரியாக நிரப்பினாலும் 1 0 1 1 என்றே வரும். 'சரியாகத்தான் போகிறது' என்று நம்பி அடுத்த வரிசைக்குப் போவீர்கள், அங்கே 6-உம் 7-உம் இடம் மாறிவிடும். முதல் வரிசையை மட்டும் சரிபார்த்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள்.

நான்கு மூலைகளும் எப்படி ஒரே குழு ஆகும்? ஒன்றுக்கொன்று தொடவே இல்லையே?

தாளில் தொடவில்லை, உண்மையில் தொடுகின்றன. இடக்கோடிப் பத்தி 00, வலக்கோடிப் பத்தி 10. இவற்றுக்கு இடையே C மட்டும்தான் மாறுகிறது. மேல் வரிசை 00, கீழ் வரிசை 10. அங்கே A மட்டும் மாறுகிறது. தாளைச் சுருட்டி இடது வலது ஓரங்களை ஒட்டி, வந்த குழாயை வளைத்து மேலையும் கீழையும் ஒட்டினால் மூலைகள் நான்கும் ஒரே இடத்தில் கூடிவிடும்.

நம் மேப்பில் மூலைகள் 0, 2, 8, 10. நான்கிலும் 1 இருக்கிறது. இருமஎண்களைக் கீழே கீழே எழுதிப் பாருங்கள்: 0000, 0010, 1000, 1010. A மாறுகிறது, C மாறுகிறது. B எப்போதும் 0, D எப்போதும் 0. மாறுவதை விட்டுவிட்டு மாறாததை மட்டும் எழுத வேண்டும். 0 என்றால் பார் போட்டு, 1 என்றால் பார் இல்லாமல். ஆக இந்தக் குழு B'D'.

எல்லாக் குழுவுக்கும் வழி இதுதான். இரண்டு கட்டக் குழுவில் ஒரு மாறி கழியும், நான்கில் இரண்டு, எட்டில் மூன்று. மூன்று கட்டக் குழு, ஆறு கட்டக் குழு என்று எதுவும் கிடையாது. ஆறு 1 ஒரே கொத்தாகத் தெரிந்தால் அது ஒன்றின்மேல் ஒன்று ஏறிய இரண்டு நான்குகளாக இருக்கும். ஒரே கட்டம் இரண்டு குழுக்களில் வருவதில் தப்பே இல்லை.

எனக்கு நான்கு உறுப்புகள் வருகின்றன, புத்தகத்தில் மூன்று. என் விடையில் எதையும் எடுக்கவும் முடியவில்லை. எங்கே தப்பு?

நான் மேலே சொன்ன வம்பு இதுதான். நீங்கள் எப்படிப் போயிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். மூலைகளை எடுத்தீர்கள். அப்புறம் நடுவில் பளிச்சென்று தெரியும் 5, 7 ஜோடியை வட்டமிட்டீர்கள். 13 தனியாக நின்றது, அதை 5-உடன் சேர்த்தீர்கள். 3 மிச்சம் இருந்தது, பக்கத்தில் உள்ள 2-உடன் சேர்த்தீர்கள். விடை:

```
F = B'D' + A'BD + BC'D + A'B'C
```

இந்த விடை தவறல்ல. பதினாறு உள்ளீட்டுக்கும் சரியான மதிப்பைத்தான் தரும். நீங்கள் சொன்னது போல இதிலிருந்து ஒன்றையும் எடுக்கவும் முடியாது: A'BD-ஐ எடுத்தால் 7 போய்விடும், A'B'C-ஐ எடுத்தால் 3 போய்விடும். ஆனாலும் இது மிகச் சிறிய விடை அல்ல. எடுக்க ஒன்றுமில்லாமல் இருப்பது ஒன்று, இதைவிடச் சிறியது இல்லாமல் இருப்பது வேறு. இந்த வேறுபாட்டைச் சொல்லித்தராமல் கே-மேப்பை நடத்தி முடித்துவிடுகிறார்கள், அதனால்தான் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது.

கண்ணில் பட்ட ஜோடியிலிருந்து தொடங்காமல், வேறு வழியே இல்லாத 1-இலிருந்து தொடங்குங்கள். முதலில், இதற்கு மேல் பெரிதாக்க முடியாத குழுக்கள் எவை என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். நம் மேப்பில் ஐந்துதான்:

```
0, 2, 8, 10    B'D'
5, 13          BC'D
3, 7           A'CD
5, 7           A'BD
2, 3           A'B'C
```

இப்போது ஒவ்வொரு 1-ஆக விரல் வைத்து 'உன்னை எத்தனை குழு எடுத்துக்கொள்ளும்?' என்று கேளுங்கள். 0-க்கு ஒரே குழு, மூலைகள். 8-க்கும் 10-க்கும் அதேதான். எனவே B'D' கட்டாயம். 13-க்கு ஒரே குழு: மேலே இருக்கும் 5 மட்டும்தான் துணை, மற்ற மூன்று பக்கமும் 0. எனவே BC'D கட்டாயம். இந்த இரண்டையும் எழுதிவிட்டு, அவை மூடிய 1-களை அடித்துவிடுங்கள். 0, 2, 5, 8, 10, 13 போய்விட்டன. மிச்சம் 3, 7.

இப்போது மேப்பைப் பாருங்கள். 3-உம் 7-உம் ஒன்றின்கீழ் ஒன்றாக நிற்கின்றன. ஒரே குழு, A'CD, இரண்டையும் முடித்துவிடும்.

```
F = B'D' + BC'D + A'CD
```

மூன்று உறுப்பு, எட்டு எழுத்து. உங்கள் விடையில் பதினொரு எழுத்து. 5, 7 ஜோடி முதல் பார்வைக்கு எடுப்பாகத் தெரிந்தாலும், அது மூடும் இரண்டு கட்டங்களுக்கும் வேறு இடம் இருந்தது. 5-ஐ 13 எப்படியும் இழுத்துக்கொள்ளும், 7-ஐ 3 இழுத்துக்கொள்ளும். முன்கூட்டியே அதை எடுத்ததால் 3 தனித்துப்போய் நான்காவது உறுப்பு தேவைப்பட்டது.

விடை சரிதானா என்று உடனே எப்படிப் பார்ப்பது?

நம் விடையில் குழுக்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறவில்லை. 4 + 2 + 2 = 8, மேப்பில் இருக்கும் 1-களும் எட்டு. எண்ணிக்கை அளவில் சரி. ஆனால் குழுக்கள் ஏறி இருந்தால் இந்தக் கணக்கு உதவாது. எழுத்துகளைத் தப்பாகப் படித்திருந்தாலும் உதவாது: BC'D என்பதற்குப் பதில் BCD என்று எழுதினாலும் அது இரண்டு கட்டம்தான்.

நம்பகமான வழி, பதினாறையும் போட்டுப் பார்ப்பது. கையால் செய்ய ஐந்து நிமிடம் ஆகும். கணினி பக்கத்தில் இருந்தால் பைத்தானில் நான்கு வரி:

```python
for n in range(16):
    A, B, C, D = n>>3 & 1, n>>2 & 1, n>>1 & 1, n & 1
    F = (not B and not D) or (B and not C and D) or (not A and C and D)
    if F: print(n)
```

0, 2, 3, 5, 7, 8, 10, 13 என்று வந்தால் சரி. ஓர் எண் கூடுதலாக வந்தால் ஏதோ ஒரு குழு 0-ஐயும் சேர்த்து வளைத்திருக்கிறது, குறைந்தால் ஏதோ ஒரு 1 விட்டுப்போயிருக்கிறது.

1-களுக்குப் பதிலாக 0-களைக் குழுவாக்கினால் இன்னும் சுருங்குமா?

சில சார்புகளுக்குச் சுருங்கும். இதற்கு இல்லை. 0-களைக் குழுவாக்கினால் F' = BD' + B'C'D + ACD என்று வரும், அதைத் தலைகீழாக்கினால்:

```
F = (B' + D)(B + C + D')(A' + C' + D')
```

இதிலும் எட்டு எழுத்துதான். 1-கள் நிறைய இருந்து 0-கள் ஓரிரண்டு இடத்தில் கொத்தாக இருந்தால் இந்த வழியை முதலில் பாருங்கள்.

டோன்ட் கேர் கட்டங்களை எப்போது 1 ஆக எடுப்பது, எப்போது 0 ஆக?

குழு பெரிதாகும் என்றால் 1. ஒரு டோன்ட் கேரை மூடுவதற்காகவே புதுக் குழு போட வேண்டியிருந்தால் அதை 0 என்று விட்டுவிடுங்கள். விதி அவ்வளவுதான், ஆனால் விளைவு சில சமயம் ஆச்சரியப்படுத்தும்.

நம் சார்பில் 11, 15 என்ற உள்ளீடுகள் வரவே வராது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டங்களில் X போடுகிறோம்.

```
AB\CD   00   01   11   10
 00      1    0    1    1
 01      0    1    1    0
 11      0    1    X    0
 10      1    0    X    1
```

5, 13 ஜோடி இப்போது 5, 7, 13, 15 என்ற சதுரமாகிவிட்டது: BD. மிச்சம் 3 மட்டும். அதை 3, 7, 11, 15 என்ற முழுப் பத்தியால் மூடலாம், அது CD. இல்லையென்றால் 2, 3, 10, 11 என்ற சுற்றி ஒட்டும் சதுரத்தால் மூடலாம், அது B'C. ஆக F = B'D' + BD + CD என்றோ F = B'D' + BD + B'C என்றோ எழுதலாம். இரண்டும் ஆறு எழுத்து, இரண்டுமே சரி. பக்கத்தில் இருப்பவர் விடை வேறாக வந்தால் சண்டைக்குப் போகாமல் இதைப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. சுற்று கட்டி முடித்த பிறகு அங்கே X என்று எதுவும் இல்லை. 15-ஐ உள்ளே கொடுத்தால் இந்தச் சுற்று 1 என்றே சொல்லும். 'வரவே வராது' என்று நீங்கள் சொன்னது உண்மையாக இருக்க வேண்டும். மின்சாரம் போட்ட முதல் நொடியிலும் அது வராதா என்று யோசித்துவிட்டு X போடுங்கள்.

இனி வரும் பதில்களில் டோன்ட் கேர் இல்லாத பழைய சார்புதான்.

F = B'D' + BC'D + A'CD கிடைத்துவிட்டது. இதை எப்படிச் சுற்றாக வரைவது?

சமன்பாட்டை வலமிருந்து இடமாக, வெளியீட்டிலிருந்து உள்ளீட்டை நோக்கி வரைவது எனக்கு எளிதாக இருக்கிறது. F என்பது மூன்று உறுப்புகளின் கூடுதல். எனவே வலக்கோடியில் மூன்று உள்ளீட்டு ஆர் கேட் ஒன்று. அதன் ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் ஓர் ஆண்ட் கேட். முதல் கேட்டுக்கு இரண்டு உள்ளீடு, மற்ற இரண்டுக்கும் மூன்று. ஒவ்வொரு பார் போட்ட எழுத்துக்கும் ஓர் இன்வெர்ட்டர்.

```
B' ---+
      +-[AND]---+
D' ---+         |
                |
B  ---+         |
C' ---+-[AND]---+-[OR]--- F
D  ---+         |
                |
A' ---+         |
C  ---+-[AND]---+
D  ---+
```

தாளில் வரையும்போது A, B, C, D நான்கையும் மேலிருந்து கீழாகச் செல்லும் கோடுகளாகப் போட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் பார் கோட்டையும் போடுங்கள். மொத்தம் எட்டுக் கோடுகள். கேட்டின் உள்ளீட்டை நேராக இடதுபுறம் இழுத்து, வேண்டிய கோட்டைத் தொடும் இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளி இருந்தால் இணைப்பு, இல்லையென்றால் வெறும் குறுக்கீடு. நம் படத்தில் எட்டு புள்ளிகள் இருக்க வேண்டும், ஏனென்றால் எட்டு எழுத்து. எண்ணிப் பாருங்கள், குறைந்தால் எங்கோ விட்டிருக்கிறீர்கள்.

அதற்கு நான்கு ஐசி தேவைப்படுகிறது. குறைக்க முடியாதா?

இன்வெர்ட்டருக்கு 7404, இரண்டு உள்ளீட்டு ஆண்டுக்கு 7408, மூன்று உள்ளீட்டு ஆண்டுக்கு 7411, ஆருக்கு 7432. ஆமாம், நான்கு. அதுவும் 7432-இல் இரண்டு உள்ளீட்டு ஆர்தான் இருப்பதால் இரண்டை அடுக்கடுக்காகப் போட வேண்டும். கிட்டத்தட்டப் பாதி கேட்டுகள் சும்மா கிடக்கும்.

முதல் படி எல்லோருக்கும் தெரிந்தது: ஆண்ட், ஆர் இரண்டையும் நாண்டாக மாற்றுவது. ஆண்டின் வெளியீட்டில் ஒரு வட்டம், ஆரின் உள்ளீட்டில் ஒரு வட்டம் போட்டால் இரண்டும் ரத்தாகும். உள்ளீடுகளில் வட்டம் போட்ட ஆர் என்பது நாண்ட்தான். இப்போது மூன்று உள்ளீட்டு நாண்ட் மூன்று தேவை: BC'D-க்கு ஒன்று, A'CD-க்கு ஒன்று, கடைசிக்கு ஒன்று. 7410-இல் இருப்பது சரியாக மூன்று. B'D'-க்கு 7400-இலிருந்து ஒன்று, இன்வெர்ட்டருக்கு 7404. மூன்று ஐசி ஆகிவிட்டது.

அடுத்த படியைத்தான் பலர் பார்ப்பதில்லை. B', D' இரண்டும் B'D' என்ற உறுப்பில் மட்டும்தான் வருகின்றன. அந்த நாண்டின் வெளியீடு (B'D')', அதாவது B + D. பார் போட்டு, நாண்ட் செய்து, கடைசியில் கிடைப்பது வெறும் B + D என்றால் பார் எதற்கு? இரண்டு நார் கேட்டை அடுத்தடுத்துப் போட்டால் B + D வந்துவிடும். மிச்சம் வேண்டியது A', C'. நாரின் இரண்டு உள்ளீட்டையும் ஒன்றாகக் கட்டினால் அது இன்வெர்ட்டர். மொத்தம் நான்கு நார். 7402-இல் இருப்பதும் நான்கு.

```
N1 = NOR(B, D)
N2 = NOR(N1, N1)      = B + D
N3 = NOR(A, A)        = A'
N4 = NOR(C, C)        = C'
P1 = NAND(B, N4, D)
P2 = NAND(N3, C, D)
F  = NAND(N2, P1, P2)
```

ஒரு 7402, ஒரு 7410. ஏழு கேட்டும் வேலை செய்கின்றன, ஒன்றும் சும்மா இல்லை. கே-மேப் எழுத்துகளைத்தான் குறைத்துத் தரும், ஐசி எண்ணிக்கையை அது பார்ப்பதில்லை. அந்தக் கணக்கை நாம்தான் போட வேண்டும்.

போர்டில் கட்டிவிட்டேன், வெளியீடு தப்பாக வருகிறது. எங்கிருந்து தேடுவது?

முதலில் 1, 8 என்ற இரண்டு உள்ளீட்டை மட்டும் கொடுத்துப் பாருங்கள். 0001-க்கு 0 வர வேண்டும், 1000-க்கு 1 வர வேண்டும். இரண்டும் இடம் மாறி வந்தால் சுற்றில் அநேகமாகக் குறை இல்லை, சுவிட்சுகளை A-க்குப் பதில் D-யிலிருந்து எண்ணியிருக்கிறீர்கள்.

அது சரி என்றால் 7402-ஐப் பாருங்கள். 7400, 7408, 7432 எல்லாவற்றிலும் முதல் கேட்டுக்கு 1, 2 உள்ளீடு, 3 வெளியீடு. 7402-இல் தலைகீழ்: 1 வெளியீடு, 2, 3 உள்ளீடு. நானும் ஒருமுறை பழக்கதோஷத்தில் 7400 மாதிரியே கம்பி போட்டுவிட்டு அரைநாள் உட்கார்ந்திருந்தேன். விரலை வைத்தபோது ஐசி சூடாக இருந்தது, அதுதான் துப்பு. வெளியீட்டுக் காலில் வெளியிலிருந்து மின்னழுத்தம் கொடுத்தால் இரண்டும் ஒன்றோடொன்று மோதும். 7402-இன் வெளியீடுகள் 1, 4, 10, 13. 7410-இலும் ஒரு வினோதம் உண்டு: முதல் கேட்டின் உள்ளீடுகள் 1, 2, 13, வெளியீடு 12.

கையைக் கிட்டே கொண்டுபோனால் விடை மாறுகிறதா? அப்படியென்றால் ஏதோ ஓர் உள்ளீடு எங்கும் இணைக்கப்படாமல் தொங்குகிறது. 74HC வகையில் இது நன்றாகத் தெரியும். 74LS வகையில் தொங்கும் உள்ளீடு பெரும்பாலும் 1 போல நடந்துகொள்வதால், குறை இருந்தும் பாதி உள்ளீடுகளுக்குச் சரியான விடை வந்து ஏமாற்றும்.

பதினாறு உள்ளீட்டுக்கும் சரியான விடை வருகிறது. ஆனால் இதை ஒரு கவுன்ட்டரின் கிளாக்கில் கொடுத்தால் எண்ணிக்கை தாறுமாறாகக் கூடுகிறது. ஏன்?

உள்ளீடு 7-இலிருந்து 5-க்கு மாறும் தருணத்தைக் கிட்டப்போய்ப் பார்ப்போம். A = 0, B = 1, D = 1 அப்படியே இருக்கின்றன. C மட்டும் 1-இலிருந்து 0 ஆகிறது. இரண்டு கட்டத்திலும் F = 1, எனவே வெளியீடு அசையவே கூடாது.

C விழுந்ததும் P2 அதை நேரடியாகப் பார்க்கிறது. ஒரு கேட்டின் தாமதத்தில், 74LS என்றால் சுமார் 10 நானோ நொடியில், A'CD அணைகிறது. BC'D எரிய வேண்டும், ஆனால் அதற்கு C' வேண்டும், C' வருவதற்கு N4-ஐத் தாண்ட வேண்டும். அது இன்னும் 10 நானோ நொடி. அந்த இடைவெளியில் பழைய குழு விட்டுவிட்டது, புதிய குழு இன்னும் பிடிக்கவில்லை. F ஒரு கணம் 0-க்கு விழுந்து எழுகிறது. உங்கள் கவுன்ட்டர் அதை ஒரு துடிப்பாக எண்ணிவிட்டது. எதிர்த்திசையில், 5-இலிருந்து 7-க்குப் போகும்போது, இது நடக்காது. அங்கே புதிய குழு முதலில் பிடித்துவிடுகிறது, பழையது அப்புறம்தான் விடுகிறது.

மேப்பிலேயே இதைப் பார்க்கலாம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு 1 இருந்து, இரண்டையும் சேர்த்து மூடும் குழு விடையில் இல்லையென்றால் அங்கே இந்த ஆபத்து உண்டு. நம் மேப்பில் அப்படி இரண்டு இடம்: 5-7, 2-3. இரண்டாவதில் A = 0, B = 0, C = 1 ஆக இருந்து D விழும்போது இதே கதை: A'CD ஒரு தாமதத்தில் அணைகிறது, B + D இரண்டு நாரைத் தாண்டி வர இரண்டு தாமதம் ஆகிறது.

அலைக்காட்டியில் 10 நானோ நொடிப் பள்ளம் கண்ணில் படவில்லை என்றால், N4-க்குப் பின்னால் இரட்டைப்படையாக நான்கு இன்வெர்ட்டரைச் செருகுங்கள். சார்பு மாறாது, பள்ளம் மட்டும் அகன்று நன்றாகத் தெரியும்.

இதற்கு மருந்து, நாம் கஷ்டப்பட்டுத் தவிர்த்த அதே இரண்டு குழுக்கள்தான். 5, 7-ஐ மூடும் A'BD, 2, 3-ஐ மூடும் A'B'C. அவற்றைச் சேர்த்தால்:

```
F = B'D' + BC'D + A'CD + A'BD + A'B'C
```

C மாறும் நேரம் முழுவதும் A'BD தாங்கிப் பிடிக்கும், D மாறும் நேரம் A'B'C தாங்கிப் பிடிக்கும். சார்பு அதேதான், ஆனால் ஒரு நேரத்தில் ஓர் உள்ளீடு மட்டும் மாறும்வரை வெளியீட்டில் பள்ளம் வராது. இரண்டு உள்ளீடுகள் ஒரே சமயத்தில் மாறினால் இதற்கும் உத்தரவாதம் இல்லை.

எல்லா இடத்திலும் இதைச் செய்யத் தேவையில்லை. F ஒரு விளக்கை எரிக்கிறது என்றால் 10 நானோ நொடியை யாரும் பார்க்கப் போவதில்லை. F ஒரு ஃபிளிப்-ஃபிளாப்பின் D உள்ளீட்டுக்குப் போய், கிளாக் வருவதற்குள் எல்லாம் அடங்கிவிடும் என்றாலும் மூன்று உறுப்பு விடையே போதும். கிளாக், ரீசெட் போன்ற, விளிம்பையோ சிறு துடிப்பையோ உடனே பிடித்துக்கொள்ளும் கால்களுக்குப் போனால்தான் ஐந்து உறுப்பு வேண்டும். அப்போது 7402 ஒன்று, 7410 இரண்டு, கடைசி நாண்டுக்கு எட்டு உள்ளீட்டு 7430 ஒன்று ஆகும். B'-க்கு 7410-இல் மிஞ்சும் இரண்டு கேட்டில் ஒன்றை, உள்ளீடுகளைச் சேர்த்துக் கட்டிப் பயன்படுத்தலாம். 7430-இல் மிச்சமிருக்கும் மூன்று உள்ளீடுகளையும் 1-இல் கட்டிவிடுங்கள், தொங்கவிடாதீர்கள்.